உயரம் அளக்கும் கம்பியை ஏன் கழற்றக் கூடாது: ஓர் எதிர்வினை

தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், செம்பூர் பகுதிகளின் அங்கன்வாடிகளில் இருக்கும் ஸ்டேடியோமீட்டர்களை அகற்றிவிட்டு, குழந்தைகளின் உயரத்தைக் கைபேசிச் செயலியால் அளக்க வேண்டும். வசதியுள்ள மையங்களில் முப்பரிமாண உடல் ஸ்கேனர் வைக்க வேண்டும். இதுதான் அண்மையில் மும்பையில் சுற்றுக்கு விடப்பட்ட ஒரு கட்டுரையின் கோரிக்கை. அதற்குக் கட்டுரையாளர் சொல்லும் காரணங்கள் மூன்று. செயலிக்கும் கம்பிக்கும் சராசரி வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். இரண்டு அளவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு ஏறத்தாழ ஒன்று. சேவிகைகள் கம்பியில் ஒழுங்காக அளப்பதே இல்லை. மூன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன. முதல் இரண்டும் அளவையியலின் அரிச்சுவடி தெரியாமல் சொல்லப்பட்டவை. மூன்றாவது உண்மை, ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு தலைகீழானது.

சேவிகைகளுக்கு அளவெடுக்கக் கற்றுத்தரும் வேலையில் இருப்பவன் நான். இந்தக் கோரிக்கை நிறைவேறினால் எந்தக் குழந்தை பட்டியலிலிருந்து காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் இதைச் சும்மா விட முடியவில்லை.

முதலில் சராசரி. ஒரு குழந்தைக்குச் செயலி இரண்டு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்கிறது, அடுத்த குழந்தைக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைத்துச் சொல்கிறது என்று வையுங்கள். சராசரிப் பிழை பூஜ்யம். கட்டுரையாளரின் கணக்கில் அது குறையே இல்லாத கருவி. இரண்டு குழந்தைகளுக்கும் தவறான சீட்டு எழுதப்பட்டிருக்கிறது என்பது அந்தப் பூஜ்யத்துக்குள் தெரியாது. ஒட்டுறவு இதைவிட மோசம். எல்லாக் குழந்தைக்கும் தவறாமல் மூன்று சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லும் கருவிக்கும் ஒட்டுறவு எண் சரியாக ஒன்றுதான் வரும். அதோடு, 75 செ.மீ. குழந்தையிலிருந்து 110 செ.மீ. குழந்தை வரை ஒரே பட்டியலில் போட்டால், எவ்வளவு தடுமாறும் கருவியும் பெரிய குழந்தையைப் பெரியதாகவும் சிறிய குழந்தையைச் சிறியதாகவும் காட்டிவிடும். ஒட்டுறவு உயர்ந்து நிற்கும். அளவின் நேர்மைக்கு அது சான்றே அல்ல.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஆல்ட்மனும் பிளாண்டும் 1986இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. இரண்டு கருவிகளை ஒப்பிட ஒட்டுறவைப் பார்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் வந்த வித்தியாசத்தைத் தனித்தனியே எடுத்து, நூற்றில் 95 வித்தியாசங்கள் எந்த எல்லைகளுக்குள் விழுகின்றன என்று பாருங்கள் என்கிறது. சராசரி வித்தியாசம் 3 மி.மீ., அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 12 மி.மீ. என்று ஒரு செயலிக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் ‘3 மி.மீ. துல்லியம்’ என்று அச்சடிப்பார்கள். உண்மையான எல்லைகள் ஏறத்தாழ 2 செ.மீ. குறைவிலிருந்து 2.7 செ.மீ. அதிகம் வரை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகளுக்கான ஆய்வில், ஒரே குழந்தையை அளந்த இருவருக்கும் இடையே 7 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும் என்பது விதி. கட்டுரையாளர் எந்த இடத்திலும் இந்த எல்லைகளைச் சொல்லவில்லை. முப்பது குழந்தைகளின் வித்தியாசங்களை ஒரு தாளில் புள்ளி வைத்துக் காட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தராசை விற்க வருகிறவர் எடைக்கல்லைக் காட்ட மறுக்கிறார்.

எண்ணாகப் பேசினால் நெஞ்சில் உறைக்காது. ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பெண் குழந்தை, வயது மூன்று முடிந்தது, உண்மையான உயரம் 87.0 செ.மீ., எடை 9.0 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவுகளின்படி இந்த வயதுப் பெண் குழந்தைக்கு நடு உயரம் 95.1 செ.மீ. வளர்ச்சி குன்றியதாகக் கொள்ளும் கோடு 87.4. இவள் அதற்குக் கீழே. உயரத்துக்கேற்ற எடையைப் பார்த்தால், 87 செ.மீ. உயரமுள்ள பெண் குழந்தைக்குக் கடும் மெலிவின் கோடு 9.2 கிலோ. அதற்கும் இவள் கீழேதான். இரண்டு கவலையும் உள்ள குழந்தை.

இப்போது சேவிகையிடம் இருக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலி. சுவரில் ஏ4 தாள் ஒன்றை ஒட்டி, அதன் அளவை வைத்துக் குழந்தையின் உயரத்தைக் கணக்கிடும் வகை. தாராவியில் அறை பத்தடிக்குப் பத்தடி. பாத்திரமும் பீரோவும் போக, சுவரிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் பின்னால் போக இடமில்லை. குழந்தை சுவரோடு ஒட்டித்தான் நிற்கிறாள். ஆனால் பின்மண்டைதான் சுவரில் படும். உச்சி சுவரிலிருந்து எட்டு சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். தாள் சுவரில், உச்சி எட்டு சென்டிமீட்டர் கிட்டத்தில். கேமராவுக்குக் கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். 200ஐ 192ஆல் வகுத்தால் கிடைக்கும் பெருக்கம் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல்.

சேவிகை தரையில் உட்கார்ந்து, கைபேசியைக் குழந்தையின் வயிற்றளவில், 45 செ.மீ. உயரத்தில் பிடிக்கிறார். உச்சி கேமராவைவிட 42 செ.மீ. மேலே. அந்த 42இல் நான்கு சதவீதம் கூடும். செயலி சொல்லும் உயரம் ஏறத்தாழ 88.7. குழந்தை 87.4 என்ற கோட்டைத் தாண்டிவிட்டாள். வளர்ச்சிக் குன்றல் இல்லை என்று பதிவாகும். அடுத்த நாள் அதே சேவிகை நின்றபடி 140 செ.மீ. உயரத்தில் கைபேசியைப் பிடிக்கிறார். இப்போது உச்சி கேமராவுக்கு 53 செ.மீ. கீழே. அதே நான்கு சதவீதம் இம்முறை கீழ்நோக்கி இழுக்கும். செயலி 84.8 என்கிறது. அந்த உயரத்தில் கடும் மெலிவின் கோடு ஏறத்தாழ 8.8 கிலோ. 9.0 கிலோ எடையுள்ள இவள் அந்தக் கோட்டுக்கு மேலே போய்விட்டாள். கடும் மெலிவுப் பட்டியலில் பெயர் இருக்காது.

குழந்தை ஒன்றுதான், செயலியும் ஒன்றுதான். உட்கார்ந்து எடுத்தால் ஒரு நோய் மறைகிறது, நின்று எடுத்தால் இன்னொரு நோய் மறைகிறது. இரண்டுக்கும் இடையே நான்கு சென்டிமீட்டர். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒரு வருடத்தில் வளர்வதே ஏழரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஆறு மாத வளர்ச்சியைவிடப் பெரிய பிழை, சேவிகை உட்கார்ந்தாரா நின்றாரா என்பதில் வந்துவிட்டது. உயரப் பிழை வளர்ச்சிக் குன்றலை ஒரு திசையிலும் மெலிவை எதிர்த் திசையிலும் தள்ளும் என்ற அடிப்படையைக் கட்டுரையாளர் யோசித்ததாகவே தெரியவில்லை. தாராவியில் மெலிவு என்பது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. கடும் மெலிவுள்ள குழந்தையை சயான் மருத்துவமனையின் ஊட்டச்சத்து மறுவாழ்வு சேவைக்கு அனுப்புவதா, வழக்கமான சத்துணவோடு விடுவதா என்பதை அந்தக் கோடுதான் முடிவு செய்கிறது.

“அதற்குத்தான் லைடார் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் உணரி. 2020இல் ஐபேட் ப்ரோவிலும் ஐபோன் 12 ப்ரோவிலும் வந்தது. மேலே சொன்ன தாள் பிழை அதில் வராது. உச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதற்கே தெரியும். ஆனால் அந்தக் கைபேசியைக் கட்டுரையாளர் எந்தச் சேவிகையின் கையில் கொடுக்கப் போகிறார்? 2021இல் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி சேவிகைகள், தங்களுக்குக் கொடுத்த கைபேசிகள் பழுதாகின்றன, நினைவகம் போதவில்லை என்று அரசிடமே அவற்றைத் திருப்பி ஒப்படைத்துப் போராடினார்கள். அதே மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு உயர்விலை ஐபோனின் துல்லியத்தைக் காட்டி வாதாடுவது நேர்மையற்ற வேலை. ஐபோனில் கிடைத்த முடிவைச் சொல்லி ஆண்ட்ராய்டை விற்கிறார்.

விலையைத் தள்ளிவைத்தாலும் லைடாருக்கும் முப்பரிமாண ஸ்கேனருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை பார்க்கும், தொடாது. ஸ்டேடியோமீட்டரின் தலைப்பலகை முடியை அழுத்தி மண்டையோட்டைத் தொடுகிறது. ஸ்கேனர் முடியின் மேற்பரப்பை உச்சி என்று எடுத்துக்கொள்கிறது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் பிழை சிறியது. உச்சியில் தூக்கிக் கட்டிய குடுமியும் ரப்பர் பேண்டுமாக வரும் குழந்தைக்குப் பிழை சென்டிமீட்டர் கணக்கில் போகும். பெரியவர்களை ஸ்கேன் செய்யும் இடங்களில் நீச்சல் தொப்பி மாட்டுவது இதனால்தான். அடுத்தது நிற்கும் விதம். ஸ்கேனருக்குத் தொடைகளுக்கு நடுவே இடைவெளி தெரிய வேண்டும் என்பதால் காலை அகட்டி நிற்கச் சொல்வார்கள். ஒவ்வொரு காலும் பத்து சென்டிமீட்டர் வெளியே சாய்ந்தால், 80 செ.மீ. கால் நீளமுள்ளவரின் உயரம் ஆறு மில்லிமீட்டர் இறங்கிவிடும். முப்பரிமாண ஸ்கேனுக்கான ஐ.எஸ்.ஓ. 20685 தரநிர்ணயம் உடல் உயரங்களுக்கு அனுமதிக்கும் சராசரி வித்தியாசமே 4 மி.மீ.தான். நிற்கும் விதம் மட்டுமே அதைத் தின்றுவிடுகிறது.

ஸ்கேனருக்கு நான் எதிரி அல்ல. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், இந்தியர்களுக்கான ஆடை அளவுகளை வகுக்க மும்பை உட்பட ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்தது. மிகப் பொருத்தமான பயன்பாடு. இடுப்புச் சுற்று, தோள் சரிவு, மார்பின் வடிவம் இவற்றை நாடாவால் அத்தனை பேருக்கு எடுப்பது பெரும்பாடு. ஸ்கேனர் நொடிகளில் எடுத்துவிடும். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தப்பினால் கால்சட்டையின் அளவு எண் மாறாது. ஆடை அளவுக்குப் போதுமான துல்லியத்தை எடுத்துவந்து, ஒரு சென்டிமீட்டரில் குழந்தையின் சிகிச்சை மாறும் இடத்தில் வைத்துப் பேசுவதுதான் கட்டுரையாளர் செய்யும் தவறு.

அவர் ஆதாரமாகக் காட்டும் அட்லாண்டா ஆய்வுக்கு வருகிறேன். ஆட்டோஆந்த்ரோ என்ற கையடக்க முப்பரிமாணக் கருவியால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அமெரிக்காவில் அளந்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். கைதேர்ந்த நிபுணர்கள் கையால் அளந்ததோடு நன்றாகவே ஒத்துப்போனது. இதுவரை அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை. அதே கருவியை குவாத்தமாலாவிலும் கென்யாவிலும் வீடுகளுக்கும், சீனாவில் மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோய்ச் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அட்லாண்டாவில் தெரிந்த துல்லியம் அங்கே கைகூடவில்லை. நல்ல வெளிச்சம், விரிந்த அறை, பயிற்சி பெற்ற குழு இருக்கும் இடத்தில் கருவி என்ன செய்யும் என்பது ஒரு கேள்வி. ஓயாமல் அசையும் குழந்தையை அவளுடைய வீட்டுக்குள் வைத்து அளந்தால் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. தாராவிக்குப் பதில் தருவது இரண்டாவது ஆய்வு. அதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் காட்டுகிறவர், இரண்டாவதைப் படிக்காமல் எழுதினாரா, படித்தும் மறைத்தாரா? இரண்டில் எதுவானாலும் அங்கன்வாடிக்கு ஆலோசனை சொல்லும் தகுதி அவருக்கு இல்லை.

புகைப்படத்தைப் பார்த்துக் கற்றறிந்த கணினி மாதிரி உயரத்தைக் கணிக்கும் செயலிகள் இன்னொரு வகை. இவற்றில் ஒளிந்திருக்கும் ஆபத்து மற்றதையெல்லாம்விடப் பெரிது. படத்தில் தெளிவு குறையும்போது இப்படிப்பட்ட மாதிரி, தான் பழகிய குழந்தைகளின் நடு அளவை நோக்கிச் சாயும். வயதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் செயலியானால் இன்னும் வலுவாகச் சாயும். மூன்று வயது என்று சொல்லிவிட்டால், தொண்ணூறு சொச்சம் இருக்கும் என்ற ஊகத்திலிருந்தே அது தொடங்குகிறது. விளைவு: உயரமான குழந்தை கொஞ்சம் குட்டையாகவும், குட்டையான குழந்தை கொஞ்சம் உயரமாகவும் பதிவாகும். சராசரிப் பிழை பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் தவறு போய் விழுவது நாம் தேடும் குழந்தையின் மேலேயே. ஆல்ட்மனும் பிளாண்டும் சொன்ன படத்தை வரைந்தால் புள்ளிகள் கிடையாகக் கிடக்காமல் சாய்ந்து கிடக்கும்; பார்த்த மாத்திரத்தில் தெரியும். மகாராஷ்டிரத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 35 பேர் வளர்ச்சி குன்றியவர்கள் என்று 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த 35 பேரைத் தனியே எடுத்து, அவர்களிடம் செயலியின் பிழை எவ்வளவு என்று காட்டாத எந்தச் சோதனையும் இங்கே செல்லாது.

இனி மூன்றாவது காரணம். சேவிகைகள் கம்பியில் தவறாக அளக்கிறார்கள். ஆமாம், அளக்கிறார்கள். மையத்துக்கு மையம் பார்க்கிறேன். அறையின் தரை மோரிப் பக்கமாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவிலேயே அடிப்பலகையை வைத்துவிடுவார்கள். குதிகால் தூக்கியிருப்பதையும் முழங்கால் மடங்கியிருப்பதையும் பார்க்க ஆளிருக்காது. தலைப்பலகை முடியைத் தொட்டதும் அழுத்தாமல் எண்ணைப் படித்துவிடுவார்கள். எண்ணை நின்றபடி மேலிருந்து பார்த்துப் படிப்பார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் படுக்கவைத்து அளப்பதற்குப் பதில் நிற்கவைத்துவிடுவார்கள். அதிலேயே 7 மி.மீ. போய்விடும்.

ஆனால் இந்தத் தவறுகள் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க முடிகிறது. பார்க்க முடிவதால் திருத்த முடிகிறது. ஒருவர் குழந்தையின் முழங்காலையும் கணுக்காலையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் தாடையைத் தாங்கிக் காதுத் துளையும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே கிடைமட்டத்தில் வரும்படி தலையை நிறுத்தி, பலகையை இறக்கி, கண்ணை எண்ணின் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரு மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். பிறகு குழந்தையை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி அளக்க வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் இது கைவந்துவிடுகிறது. கருவி சரியா என்று பார்க்க நீளம் தெரிந்த ஒரு கோல் போதும். எழுதிய எண்களை வைத்தே மையத்தின் தரத்தைக் கண்டுபிடிக்கவும் முடிகிறது. உயரங்களின் கடைசி இலக்கம் பூஜ்யத்திலும் ஐந்திலும் குவிந்திருந்தால், அங்கே அளவைச் சரியாகப் படிக்காமல் உத்தேசமாக எழுதுகிறார்கள் என்று பொருள். மேற்பார்வையாளர் நேராக அந்த மையத்துக்குப் போகலாம்.

செயலி இந்தக் கடைசி வழியையும் அடைத்துவிடுகிறது. அது 88.73 என்று தசமத்தோடு சொல்லும். கடைசி இலக்கங்கள் சீராகப் பரவியிருக்கும். பட்டியலைப் பார்த்தால் பழுதே தெரியாது. கைபேசியை எந்த உயரத்தில் பிடித்தார்கள், தாள் சுருங்கியிருந்ததா, போன வாரம் வந்த புதுப்பிப்பில் கணக்கிடும் முறை மாறியதா, எதுவும் அந்த எண்ணில் எழுதியிருக்காது. திருத்தக்கூடிய தவறை எடுத்துவிட்டு, கண்டுபிடிக்க முடியாத தவறை வைக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். சேவிகையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அவருக்கு இரண்டாவது ஆளையும் ஒரு நாள் பயிற்சியையும் கொடுக்க வேண்டிய பொறுப்பிலிருந்து நிர்வாகம் நழுவ வழி செய்கிறார். இது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஒரு மையத்தில் ஒரு சேவிகை ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு அளக்கிறார் என்றால், பழுது கம்பியில் இல்லை.

போஷண் டிராக்கர் செயலியையும் அவர் தன் பக்கச் சாட்சியாக இழுக்கிறார். 2021இலிருந்து அங்கன்வாடிகளில் ஓடும் அந்தச் செயலி உயரத்தை அளப்பதில்லை. கம்பியில் படித்த எண்ணைச் சேவிகை அதில் உள்ளிடுகிறார். அது கோட்டோடு ஒப்பிட்டு நிலையைச் சொல்கிறது. பதிவு செய்யும் செயலி வேறு, அளக்கும் செயலி வேறு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு எல்லாப் பதிவையும் கணினியில் செய்கிறது. ஆனால் குழந்தையின் உயரத்துக்கு இன்றும் ஸ்டேடியோமீட்டரையும், இரண்டு வயதுக்குக் கீழே படுக்கைப் பலகையையும்தான் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறது.

கட்டுரையாளருக்கு அவருடைய செயலியின் மேல் நம்பிக்கை இருந்தால் சோதனை எளிது. தாராவியின் மையங்களில், குழந்தைகளின் வழக்கமான உடையிலும் தலைமுடியிலும், சேவிகைகளின் சொந்தக் கைபேசியிலேயே செய்யட்டும். ஒவ்வொரு குழந்தையையும் பயிற்சி பெற்ற இருவர் கம்பியில் அளக்கட்டும். வேறு இரு சேவிகைகள், கம்பியின் எண் தெரியாமல், செயலியால் அளக்கட்டும். ஒவ்வொரு குழந்தையின் வித்தியாசத்தையும் மறைக்காமல் வெளியிடட்டும்; வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் போடட்டும். நூற்றில் 95 வித்தியாசங்கள் 7 மி.மீ.க்குள் நின்றால், கம்பியைக் கழற்ற நானே வருகிறேன். அதுவரை எந்த மையத்திலும் ஒரு ஸ்டேடியோமீட்டரைக்கூட அகற்றக் கூடாது. சேவிகைகளே, அகற்ற யாராவது வந்தால் இந்தச் சோதனையின் முடிவை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் கம்பியைக் கொடுக்காதீர்கள்.